கறுப்பு முடிக்கு நடு எது?

கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளக்கரை, மாலை ஐந்து மணி வெயில். கரையில் உட்கார்ந்திருக்கும் பெண் முகத்தைப் பாதி திருப்பியிருக்கிறாள். முதுகில் தளரப் பின்னிய சடை, அதன் மேல் ஒரு முழம் மல்லிகை. நல்ல படம். அழகு நிலைய விளம்பரம் ஒன்றுக்காக முடியை மட்டும் பர்கண்டி நிறத்துக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஃபோட்டோஷாப்பில் முடியைச் சுற்றி வெட்டி, மேலே சிவப்பைப் பூசி, பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே அதைப் பார்த்த ஓர் அக்கா கேட்டார்: "என்ன தம்பி, விக்கு வச்ச மாதிரில்ல இருக்கு?"

அவர் சொன்னது சரிதான். சடையின் மேல் விழுந்திருந்த வெயில் பளபளப்பு இளஞ்சிவப்பாகியிருந்தது. பின்னலின் இடுக்குகளில் இருந்த இருட்டு போய், அங்கே மெரூன் பெயின்ட் அப்பியதுபோல் இருந்தது. பளபளப்பும் இருட்டும் போய்விட்டால் மிச்சம் இருப்பது நூல் கண்டுதான்.

இதைச் சரிசெய்ய உதவுவதுதான் லுமினாசிட்டி மாஸ்க். மாஸ்க் என்பது படத்தின் மேல் போடும் கறுப்பு வெள்ளைத் திரை. திரை வெள்ளையாக இருக்கும் இடத்தில் நாம் செய்யும் மாற்றம் முழுதாக இறங்கும், கறுப்பாக இருக்கும் இடத்தில் இறங்காது, சாம்பலாக இருந்தால் அரைகுறையாக இறங்கும். சாதாரண மாஸ்க்கை நாம் பிரஷ்ஷால் வரைகிறோம். லுமினாசிட்டி மாஸ்க்கை நாம் வரைவதில்லை, படத்தின் வெளிச்சமே வரைந்து தருகிறது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று பார்த்து, அதற்கேற்ப அந்தத் திரை உருவாகிறது. அதனால் ஒவ்வொரு முடி இழையின் வளைவையும் அது தானாகவே பின்தொடரும். எந்த பிரஷ்ஷாலும் அந்த நுணுக்கத்தைப் பிடிக்க முடியாது.

இந்தத் திரையை நடு வெளிச்சத்துக்கு, அதாவது டிசைனர்கள் மிட்டோன் என்று சொல்லும் பகுதிக்கு மட்டும் வெள்ளையாக வைத்துக்கொண்டால், நிறம் அங்கே மட்டும் இறங்கும், பளபளப்பும் நிழலும் அப்படியே இருக்கும். சொல்வது இவ்வளவுதான். செய்யப் போனால் நம் ஊர் முடியில் ஒரு சிக்கல் வருகிறது. அதைச் சொல்வதற்கு முன், பளபளப்பை ஏன் தொடக் கூடாது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு முடி இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக இருக்கும். ஓடுகளின் விளிம்பு நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். இழையின் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு இந்த ஓட்டின் மேல் பட்டு அப்படியே திரும்பிவிடுகிறது. அது முடிக்குள் நுழைவதே இல்லை. முடியின் நிறம் உள்ளே இருக்கிறது, அதனால் இந்தப் பங்குக்கு முடியின் நிறம் ஒட்டுவதில்லை. வெயில் மஞ்சளாக இருந்தால் பளபளப்பும் மஞ்சள். மண்டபத்து எல்.இ.டி. விளக்கு வெளிர்நீலமாக இருந்தால் பளபளப்பும் வெளிர்நீலம். வண்டியூர் தெப்பக்குளத்தில் மண்டப நிழலில் ஒருவரை நிற்கவைத்து எடுத்தால், உச்சந்தலைப் பளபளப்பில் வானத்தின் நீலம் தெரியும். முடி அங்கே கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது.

இன்னொரு பங்கு வெளிச்சம் இழைக்குள் நுழைந்து, பின்சுவரில் பட்டுத் திரும்பி வெளியே வருகிறது. உள்ளே போய் வந்ததால் இதற்கு முடியின் நிறம் ஏறியிருக்கும். ஸ்டீவ் மார்ஷ்னர், ஹென்ரிக் வான் ஜென்சன் உள்ளிட்டோர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் தனித்தனியே அளந்து காட்டியது. ஓடுகளின் சாய்வால் வெள்ளைப் பளபளப்பும் நிறம் ஏறிய பளபளப்பும் ஒரே இடத்தில் விழாமல், இழையின் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளி விழுகின்றன. இன்றைக்கு அனிமேஷன் படங்களில் வரும் முடி நிஜம்போல் தெரிவதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

கறுப்பு முடியில் அந்த இரண்டாவது பங்கை உள்ளே இருக்கும் மெலனின் பெரும்பாலும் விழுங்கிவிடும். வெளியே தெரிவது பெரும்பாலும் முதல் பங்குதான். அதனால்தான் பார்லரில் பர்கண்டி சாயம் போட்டுக்கொண்டு வந்தவரின் தலை வீட்டுக்குள் கறுப்பாகவே தெரிகிறது, மொட்டை மாடி வெயிலில் நின்றால்தான் சிவப்பு எட்டிப்பார்க்கிறது. அப்போதும் வெயில் நேராகத் தெறிக்கும் கோட்டில் சிவப்பு இருக்காது. அந்தக் கோட்டை ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் மங்கலான இடத்தில் இருக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். நாம் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதும் இதேதான்: தெறிக்கும் கோட்டை விட்டுவிட்டு, அதை ஒட்டிய உடல்பகுதிக்கு நிறம் ஏற்றுவது.

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம்.

லுமினாசிட்டி மாஸ்க்கைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோனி கைப்பர். 2006-ல் அவர் எழுதிய பாடம்தான் பலருக்கும் ஆரம்பம். அவர் எடுப்பது நிலக்காட்சிப் படங்கள்: பாறை, மணல், வானம். அப்படிப்பட்ட படத்தில் மிட்டோன் என்றால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரியாக நடுவில் இருப்பது. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் வைத்தால், 128-ஐச் சுற்றிய பகுதி. பாடங்களில் சொல்லப்படும் முறையில் மிட்டோன் மாஸ்க்கை எடுக்க, வெளிச்ச மாஸ்க்கையும் அதைத் திருப்பிப் போட்ட இருட்டு மாஸ்க்கையும் ஒன்றோடொன்று வெட்டவைக்கிறார்கள். கணக்காகச் சொன்னால் இது:

```
M = L × (1 − L)
```

இதில் `L` என்பது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பிரகாசம். அதே குளக்கரைப் படத்தை வைத்துப் பார்ப்போம். அந்தப் பெண்ணின் சடையில் பின்னலின் ஆழமான இடுக்கு சுமார் 12. சடையின் உடல்பகுதி சுமார் 47. பளபளப்பு சுமார் 150. இவற்றை 255-ஆல் வகுத்து மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால், இடுக்குக்குச் சுமார் 4 சதவீதமும், உடலுக்கு 15 சதவீதமும், பளபளப்புக்கு 24 சதவீதமும் வருகின்றன. அதாவது பாடத்தில் சொன்ன மிட்டோன் மாஸ்க், நம் முடியில் உடலைவிடப் பளபளப்புக்குத்தான் அதிக நிறம் ஏற்றும். காப்பாற்ற நினைத்ததையே முதலில் கெடுக்கிறது. இந்த மாஸ்க்கை வைத்து வேலை செய்துவிட்டு, "லுமினாசிட்டி மாஸ்க் போட்டும் விக்கு மாதிரிதான் வருது" என்று சொல்கிற டிசைனர்கள் நிறைய. வெளிர்பழுப்பு முடியாக இருந்தால் அதன் உடல் ஏறக்குறைய நடுவிலேயே இருக்கும், அதனால் அங்கே பிரச்சினை தெரியாது. கறுப்பு முடிக்கு அப்படி இல்லை. படத்தின் நடு வேறு, முடியின் நடு வேறு. முடியின் நடுவை அளந்து கண்டுபிடித்து, மாஸ்க்கின் மேட்டை அங்கே நகர்த்த வேண்டும். இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. `Channels` பேனலில் `RGB` என்ற முதல் கட்டத்தின் மேல் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால், படத்தின் பிரகாசம் தேர்வாகிவிடும். அதை `Save Selection` போட்டுச் சேமித்தால் `Alpha 1` என்று ஒரு சேனல் வரும். பார்க்கக் கறுப்பு வெள்ளைப் படம்போல் இருக்கும். அளவுகளை வண்ணப் படத்தின் மேல் எடுக்காமல், இந்த `Alpha 1`-இன் மேலேயே எடுங்கள். ஃபோட்டோஷாப்பின் சாம்பல்நிற அமைப்பு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, வண்ணப் படத்தில் 47 என்று காட்டிய இடம் `Alpha 1`-இல் வேறு எண்ணாக இருக்கலாம். மாஸ்க் செய்யப்போவது `Alpha 1`-இலிருந்துதான் என்பதால், அதன் எண்களே முக்கியம். ஐட்ராப்பர் கருவியை ஒரே புள்ளியில் வைக்காமல் `5 by 5 Average` என்று மாற்றிக்கொள்ளுங்கள். முடியில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளே 20, 60 என்று தாவும், ஒரு புள்ளியை நம்ப முடியாது. இடுக்கில் இரண்டு மூன்று இடம், உடலில் ஐந்தாறு இடம், பளபளப்பில் இரண்டு மூன்று இடம் என்று பார்த்தால் போதும். லாஸோவால் முடியை வளைத்து `Histogram` பார்த்தாலும் தெரியும். நம் படத்தில் மேடு முழுக்க 20-க்கும் 80-க்கும் இடையில் குவிந்திருந்தது. வலப்பக்கம் மெல்லிய வாலாக நீண்டது பளபளப்பு.

இப்போது `Alpha 1`-ஐத் தேர்ந்து, `Curves` திறக்கிறோம். கோட்டின் இடது முனை கறுப்பு. நமக்கு வேண்டியது ஏறி இறங்கும் ஒரு மேடு. 12-இல் இருப்பது 0 ஆகட்டும். 45-இல் இருப்பது 255 ஆகட்டும். 120-இல் மறுபடி 0. கடைசி முனையையும் 0-க்கு இழுத்துவிடுங்கள். சேனலைப் பார்த்தால் சடையின் உடல் வெள்ளையாகவும், பளபளப்புக் கோடு கறுப்பாகவும், இடுக்கு கறுப்பாகவும் மாறியிருக்கும். ஃபிலிம் நெகட்டிவ்போல விசித்திரமாக இருக்கும், பயப்பட வேண்டாம். மேட்டின் வலப்பக்க இறக்கம் 45-இலிருந்து 120 வரை, 75 படி அகலம். இந்த அகலம் ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

மாஸ்க் தயார், ஆனால் அதற்கு முடி எது, மற்றது எது என்று தெரியாது. வெளிச்சம் மட்டுமே தெரியும். புருவம், கண்மணி, பாவாடைக் கரையின் இருட்டு, குளத்துத் தண்ணீரின் கருமை எல்லாம் அதே அளவில் இருந்தால் அவையும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்காக இரண்டு மாஸ்க் வைத்துக்கொள்வது நல்லது. நிறம் மாற்றும் லேயருக்கு இந்த லுமினாசிட்டி மாஸ்க். அந்த லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, குரூப்புக்கு முடியைச் சுற்றி வரைந்த ஒரு சாதாரண மாஸ்க். எந்த வெளிச்சம் என்று உள்ளே இருப்பது சொல்லும், எந்த இடம் என்று வெளியே இருப்பது சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு ஒன்றைத் திருத்த முடியாது.

குரூப் மாஸ்க்கைச் சிரமப்பட்டு வரைய வேண்டியதில்லை. முடிக்குப் பின்னால் வெளிர்வானம் இருந்தால் அது 120-க்கு மேலேதான் இருக்கும், லுமினாசிட்டி மாஸ்க் அதைத் தானாகவே விட்டுவிடும். பறக்கும் ஒற்றை முடிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவர வேண்டாம், வெளியே தாராளமாக வரையலாம். சிரமம் தோல் பக்கம்தான். நம் ஊர்த் தோல் நிழலில் இருக்கும்போது, நெற்றி ஓரமும் காதுக்குப் பின்னாலும் 60, 70 வரை இறங்கிவிடும். அது முடியின் அதே அளவு. இதற்கு வழி, பிரகாசத்தை விட்டுவிட்டு சிவப்புச் சேனலைப் பார்ப்பது. தோல் எவ்வளவு கறுத்திருந்தாலும் அதில் சிவப்பு மற்ற இரண்டையும்விட நன்றாகவே அதிகம். கறுப்பு முடியில் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். அதனால் `Channels`-இல் `Red` மட்டும் பார்த்தால் தோல் வெளிறியும் முடி கறுத்தும் தெரியும். குரூப் மாஸ்க்கின் நெற்றி ஓரத்தை அந்தச் சிவப்புச் சேனலை நகலெடுத்து, `Invert` போட்டுச் செய்தால், வகிட்டு ஓரப் பொடிமுடிகூடச் சரியாக வரும்.

மல்லிகை விஷயத்தில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லி வெள்ளை வெளேர் என்று இருப்பதால், மாஸ்க் அதைத் தொடாது. ஆனால் மொட்டுகளுக்கு இடையில் விழும் நிழலும், காம்பின் பச்சையும், நாரும் 40, 60 என்று இருக்கும். அவை எல்லாம் பர்கண்டி குடித்துவிடும். தூரத்தில் பார்த்தால் பூச்சரம் பீட்ரூட் தண்ணீரில் நனைத்ததுபோல் தெரியும். குரூப் மாஸ்க்கில் பூச்சரத்தின் மேல் கறுப்பு பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். ஜடைபில்லை, குஞ்சலம் இருந்தாலும் இதே கதை. பொன் மினுங்கும் இடம் தப்பிக்கும், வேலைப்பாட்டின் குழிகள் மாட்டிக்கொள்ளும்.

இனி நிறம். பெரும்பாலானவர்கள் இங்கே `Hue/Saturation` திறந்து `Colorize` போடுகிறார்கள். கறுப்பு முடிக்கு அது சரிப்படாது. இருக்கிற வெளிச்சத்துக்குள்தான் அது நிறம் ஏற்றும், 47 பிரகாசத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. தெரியவில்லையே என்று `Lightness`-ஐ ஏற்றினால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். `Curves` அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக நகர்த்துவதே நல்லது. கண்ணுக்கு இந்த மூன்று நிறங்களும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிவதில்லை. பிரகாசத்தின் கணக்கு தோராயமாக இது:

```
L = 0.30 R + 0.59 G + 0.11 B
```

பச்சைக்குத்தான் பெரும்பங்கு. சிவப்பை நிறைய ஏற்றிவிட்டு, பச்சையைக் கொஞ்சம் இறக்கினால் பிரகாசம் கிட்டத்தட்ட மாறாமலே இருக்கும். நம் சடையின் உடலில் ஓர் இடம் சிவப்பு 50, பச்சை 46, நீலம் 44. கணக்குப் போட்டால் பிரகாசம் 47. சிவப்பை 82-க்கு ஏற்றினேன், பச்சையை 37-க்கு இறக்கினேன், நீலத்தை 45-இல் வைத்தேன். இப்போது பிரகாசம் 51. சிவப்பு 32 படி ஏறியிருக்கிறது, நிறம் கறுப்பிலிருந்து நல்ல அடர் பர்கண்டிக்குப் போயிருக்கிறது, வெளிச்சமோ நான்கு படிதான் மாறியிருக்கிறது. பழுப்பு வேண்டுமென்றால் பச்சையை இறக்காமல் இரண்டு மூன்று படி ஏற்றி, நீலத்தை இறக்குங்கள். மூன்று கோடுகளிலும் 140-இல் ஒரு புள்ளி வைத்து 140-லேயே நிறுத்திவிடுவது என் வழக்கம். மாஸ்க்கில் ஏதாவது கசிவு இருந்தாலும் பளபளப்புக்கு நிறம் போகாது.

வெளிச்சத்தை மாற்றாமல் இருக்க ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இங்கேதான் அந்த இறக்கத்தின் அகலம் வருகிறது. மாஸ்க் நடுவை மட்டும் திறந்துவிடுகிறது. நடுவை மட்டும் வெளிச்சமாக்கினால், அது பக்கத்தில் இருக்கும், மாஸ்க் தொடாத இடத்தை நெருங்கிவிடும். இறக்கம் 45-இலிருந்து 75 வரை, 30 படிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவை 35 படி ஏற்றுகிறீர்கள். 45-இல் இருந்த இழை 80 ஆகிவிடும். 75-இல் இருந்த இழையை மாஸ்க் தொடாததால் அது 75-லேயே நிற்கும். முன்பு இருட்டாக இருந்தது இப்போது வெளிச்சமாகவும், வெளிச்சமாக இருந்தது இருட்டாகவும் ஆகிவிட்டது. வெளிச்சத்தின் வரிசை தலைகீழாகிவிட்டது. திரையில் பார்த்தால் பளபளப்பைச் சுற்றி ஒரு அழுக்குக் கோடு, சாம்பல் வளையம் தெரியும். பலர் இதை மாஸ்க்கின் ஓரம் சரியாக இல்லை என்று நினைத்து மணிக்கணக்கில் ஓரத்தை நோண்டுவார்கள். ஓரத்தில் தவறில்லை. ஏற்றிய வெளிச்சம் எப்போதும் இறக்கத்தின் அகலத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், பாதிக்கும் கீழே இருந்தால் நிம்மதி. 75 படி அகலத்தில் நான்கு படி என்பது ஒன்றுமே இல்லை, அதனால்தான் நம் படத்தில் இழைகளின் எடுப்பு அப்படியே நிற்கிறது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணைவிட எண்ணை நம்பலாம். `Info` பேனலில் மாற்றத்துக்கு முன், பின் என இரண்டு எண்கள் தெரியும். பளபளப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு வித்தியாசம். இடுக்கிலும் அப்படியே. உடலில் மட்டும் சிவப்பு தாவியிருக்க வேண்டும். பளபளப்பில் சிவப்பு பத்துப் படி ஏறியிருந்தால், மேட்டின் வால் நீண்டுவிட்டது என்று அர்த்தம். 120-ஐ 105-க்கு இழுங்கள்.

அடுத்தது, புள்ளிப்புள்ளியான இரைச்சல். மண்டபத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படமோ, வாட்ஸ்அப்பில் வந்த படமோ என்றால், கறுப்பு முடிக்குள் நிறமே திட்டுத்திட்டாக இருக்கும். ஜேபெக் கோப்பு நிறத்தின் விவரத்தைப் பாதியாகக் குறைத்து, எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகச் சேமிப்பதால் வருவது இது. பார்க்கும்போது தெரியாது, சிவப்பை ஏற்றியதும் கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். லுமினாசிட்டி மாஸ்க்கும் அந்த இரைச்சலையே பிரதியெடுத்திருக்கும். மாஸ்க்கை மட்டும் `Gaussian Blur` ஒன்று அல்லது இரண்டு பிக்ஸல் போட்டால் கொஞ்சம் அடங்கும். அதற்கு மேல் போட்டால் மாஸ்க் இழைகளை விட்டு விலகி, பளபளப்புக்குள் நிறம் வழியத் தொடங்கும். வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். கேமராவின் மூலக் கோப்பை வாங்கி, `16 Bits/Channel`-இல் வைத்துச் செய்தால் பாதித் தொல்லை வராது.

அவசரத்துக்கு மாஸ்க்கே இல்லாமல் ஒரு வழி உண்டு. நிறம் மாற்றிய லேயரை இரட்டைச் சொடுக்கினால் வரும் பெட்டியில், கீழே `Blend If` என்று இருக்கும். அதில் `Underlying Layer` கோட்டின் கறுப்பு முக்கோணத்தை ஆல்ட் விசையோடு பிளந்து 12-க்கும் 45-க்கும், வெள்ளை முக்கோணத்தைப் பிளந்து 80-க்கும் 120-க்கும் நகர்த்தினால் ஏறக்குறைய அதே விளைவு. ஆனால் மாஸ்க்காகக் கண்ணில் தெரியாது, மங்கலாக்கவும் முடியாது. ஜிம்ப் வைத்திருப்பவர்கள் லேயரை நகலெடுத்து, லேயர் மாஸ்க் சேர்க்கும்போது `Grayscale copy of layer` என்பதைத் தேர்ந்தால் `Alpha 1`-க்குச் சமமானது கிடைக்கும். பிறகு மாஸ்க்கின் மேல் அதே மேடு, லேயரின் மேல் அதே மூன்று கோடுகள்.

இந்த முறையால் எல்லா நிறத்துக்கும் போக முடியாது. கறுப்பிலிருந்து அடர்பழுப்பு, பர்கண்டி, நீலக்கறுப்பு, இவ்வளவுதான் எல்லை. பொன்னிறம் வேண்டும் என்று கேட்டால் பார்லரிலேயே முதலில் ப்ளீச் செய்துதான் சாயம் போட முடியும். மெலனின் போன பிறகு உள்ளே போன வெளிச்சம் வெளியே வரத் தொடங்கும், பளபளப்பு அகலமாகும், நிழலின் ஆழமே மாறும். அதை மிட்டோனில் மட்டும் கை வைத்துக் கொண்டுவர முடியாது. முடி முழுவதையும் வெளிச்சமாக்க வேண்டும், அப்போது 12-இல் தூங்கிக்கொண்டிருந்த இரைச்சல் எல்லாம் விழித்துக்கொள்ளும். அப்படிக் கேட்கிறவரிடம் வேறு மாடலின் படத்தைக் காட்டுவது நேர்மை.

மருதாணி போட்ட முடிக்கு இதே முறை நன்றாகவே வேலை செய்யும், மேட்டை மட்டும் நகர்த்த வேண்டும். நரையில் ஏறிய மருதாணி ஆரஞ்சாகத் தெரியும், அதன் உடல் 90-இலிருந்து 130-க்குள் எங்கேயாவது இருக்கும். அங்கே அளந்து, அங்கே மேடு வைத்து, சிவப்பைக் குறைத்தால் ஆரஞ்சு பழுப்பாக அடங்கும்.

நரையைக் கறுப்பாக்கத்தான் இதனால் முடியாது. மணிவிழா ஆல்பங்களில் அடிக்கடி வரும் கோரிக்கை அது. மாஸ்க்குக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும். வெயில் பட்ட கறுப்பு முடியும் 150, நரைத்த முடியும் 150 என்றால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். பளபளப்பைக் காப்பாற்றும் அதே மேடு, நரையையும் பத்திரமாகக் காப்பாற்றிவிடும். மேட்டை நரை இருக்கும் இடத்துக்கு நகர்த்தினால் பளபளப்பு போய்விடும். இரண்டையும் பிரிக்க மனிதக் கண்தான் வேண்டும்: பளபளப்பு பல இழைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு பட்டையாக ஓடும், நரை ஒரே இழையில் நீளவாக்கில் ஓடும். பட்டையை விட்டுவிட்டு, இழைகளை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும். ஒரு தலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆல்பத்தில் நாற்பது படம் இருந்தால், எந்த நாலு படத்துக்கு என்று அவர்களையே முதலில் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லிவிடுங்கள்.